கரையான் அரிச்சதுக்கு போட்டோ ஆதாரமும் தேதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாசக்கால்ல கரையான் ஏறியிருக்கு, நாப்பது போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பினேன், "அது பழசுங்க"ன்னு முடிச்சிட்டார். போட்டோ பத்தாதா?

கரையான் இருக்குங்கறத யாரும் மறுக்கல, எப்ப வந்துச்சுங்கறதுலதான் சண்டையே. ஓனர் "நீங்க குடி வந்தப்ப வீடு நல்லாத்தான் இருந்துச்சு"ம்பார், இல்லன்னா "அது எங்க அப்பா காலத்து மண்ணு"ம்பார், மருந்து அடிச்ச கம்பெனி "நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்த தடம்"னு சொல்லும், இந்த மூணு பேச்சுமே தேதியப் பத்தினதுதான். அதனால உங்க கைல ரெண்டு தேதி வேணும். இந்த நாள் வரைக்கும் இந்த இடம் சுத்தமா இருந்துச்சுன்னு ஒன்னு, இந்த நாள்ல இங்க கரையான் இருந்துச்சுன்னு இன்னொன்னு. ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி குறையக் குறைய உங்க பக்கம் பலம் கூடும். நாப்பது போட்டோவும் ஒரே காலைல எடுத்ததுன்னா அது நாப்பது ஆதாரம் இல்ல, ஒரே ஒரு தேதிதான்.

கும்பகோணத்துல வாடகைக்கு இருக்கற ஒரு குடும்பத்தோட விஷயத்த வச்சே கீழ எல்லாத்தையும் சொல்றேன், அப்பதான் புரியும். பழைய ஓட்டு வீடு, தேக்கு வாசக்கால், சுவத்தோட பதிச்ச மர அலமாரி. 2024 ஜூன்ல குடி போனாங்க, ஆகஸ்ட்ல ஓனர் சம்மதத்தோட இவங்களே காசு கொடுத்து கரையான் மருந்து அடிச்சாங்க, மருந்து அடிச்ச கம்பெனி ஒரு வருஷ வாரண்டி கார்டு கொடுத்துது. தீபாவளி முடிஞ்சு மழை பிடிச்சுது, நவம்பர் 9 காலைல பாத்தா வாசக்கால் அடில இருந்து ஒரு முழத்துக்கு மண்ணு ஏறியிருக்கு, அலமாரி பின்பலகைய தட்டினா உள்ள ஒன்னுமே இல்லாத சத்தம். கம்பெனிக்காரர் வந்து பாத்துட்டு பழைய தடம்னார், அலமாரிய காட்டினதும் இது கரையானே இல்ல, மரத்த அரிக்கற உளு வண்டு, வாரண்டில வராதுன்னார். ஓனர் என்னடான்னா நீங்க கொண்டு வந்த கட்டில்ல இருந்துதான் பரவியிருக்குன்னுட்டார்.

சுத்தமா இருந்தப்ப நான் போட்டோவே எடுக்கலையே, இப்ப எங்க போறது?

பெரும்பாலும் எடுத்திருப்பீங்க, வேற எதுக்காகவோ எடுத்திருப்பீங்க. அந்த கும்பகோணம் வீட்ல கொலு வச்சிருந்தாங்க, 2024ல நவராத்திரி அக்டோபர் 3ல ஆரம்பிச்சுது, கொலுப்படிய அந்த வாசக்கால் பக்கத்துலயே போட்டிருந்தாங்க, சுண்டல் வாங்க வந்த பிள்ளைங்களோட எடுத்த போட்டோவ பெருசு பண்ணி பாத்தா பின்னாடி வாசக்கால் அடி வரைக்கும் பளிச்சுன்னு தெரியுது, ஒரு துளி மண்ணு இல்ல. கோலம் வரைக்கும் தெரியுது. ஆகஸ்ட்ல மருந்து அடிச்சாச்சு, அக்டோபர் முதல் வாரத்துல சுத்தமா இருக்கு, நவம்பர் 9ல மண்ணு இருக்கு. அப்ப "நாங்க வர்றதுக்கு முன்னாடி இருந்த தடம்"ங்கற பேச்சுக்கு இடமே இல்ல, அந்த ஒரு கொலு போட்டோ கம்பெனியோட முதல் பதில அடியோட எடுத்துருச்சு.

அதனால முதல்ல உங்க போன், உங்க மனைவி போன், விசேஷத்துக்கு வந்த சித்தி, அத்தை போன் எல்லாத்துலயும் அந்த மூலை பின்னணில விழுந்த படத்த தேடுங்க. பிறந்தநாள், பொங்கல், வளைகாப்பு, குழந்தை நடக்கப் பழகின வீடியோ, எதுவா இருந்தாலும் சரி. வீடு பாக்க வந்தப்ப புரோக்கர் அனுப்பின வீடியோவும் ரொம்ப முக்கியம், அது ஓனர் பக்கத்துல இருந்தே வந்த ஆதாரம். மத்தவங்க போன்ல இருந்து வாங்கும்போது ஒரிஜினல் ஃபைலாவே வாங்குங்க, எப்படின்னு கீழ வாட்ஸப் கேள்வில சொல்லியிருக்கேன்.

இனிமேதான் மருந்து அடிக்கப் போறீங்கன்னா ஒன்னு செய்யுங்க. அடிக்க வர்ற ஆளுங்ககிட்ட பழைய மண்ண முழுசா சுரண்டி எடுத்துட்டு அடிக்கச் சொல்லுங்க, சுரண்டின இடத்த அன்னிக்கே போட்டோ எடுத்து பில் நம்பரோட அந்த கம்பெனிக்கே மெயில் பண்ணிடுங்க. சுவத்துல பழைய தடத்த அப்படியே விட்டுட்டு அடிச்சாங்கன்னா பின்னாடி எது பழசு எது புதுசுன்னு யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாது, அந்த குழப்பம் எப்பவும் கம்பெனிக்குத்தான் லாபம். தரையும் சுவரும் சேர்ற இடத்துல ஓட்டை போட்டு மருந்து விடுவாங்க இல்லையா, அதையும் டேப் வச்சு எடுத்துக்கோங்க. கட்டின வீட்டுக்கு கரையான் மருந்து அடிக்கறதுக்கு ஐ.எஸ். 6313 மூணாம் பகுதின்னு இந்தியத் தரம் ஒன்னு இருக்கு, ஓட்டைக்கு ஓட்டை சுமார் 30 சென்டிமீட்டர் இடைவெளின்னு அதுல வரும். வாசக்காலுக்கு ரெண்டு பக்கமும் ஒன்றரை மீட்டருக்கு ஓட்டையே இல்லன்னா அந்த போட்டோவே பாதி கேஸ். மருந்து டப்பா லேபிள்ல பேரும் பேட்ச் நம்பரும் இருக்கும், அதையும் ஒரு படம்.

எப்படி எடுத்தா எடுபடும்? கிட்ட போய் எடுத்தா எந்த இடம்னே தெரியல, தள்ளி எடுத்தா கரையான் தெரியல.

ஒரே படத்துல ரெண்டும் வராது, மூணா எடுங்க. முதல் படம் அறை முழுக்க, பாக்கறவங்களுக்கு இது எந்த வாசல்னு தெரியணும். ரெண்டாவது அந்த வாசக்கால் மட்டும் மேல இருந்து கீழ வரைக்கும். மூணாவது கிட்டத்துல, பக்கத்துல ஸ்டீல் ஸ்கேல் வச்சு. மூணாவதுல இருக்கற ஏதாவது ஒரு அடையாளம், ஒரு ஆணியோ பெயிண்ட் உதிர்ந்த இடமோ, ரெண்டாவதுலயும் தெரியற மாதிரி பாத்துக்கோங்க, அதுதான் மூணையும் ஒன்னா கட்டிப் போடுது. அது இல்லன்னா "இது வேற வீட்டு மரம்"னு எதிர்கட்சி வக்கீல் சொல்லலாம், சொல்லவும் செய்வாங்க.

கூடவே ஒரு வீடியோ, நடுவுல நிறுத்தாம. தெருவுல கதவு நம்பர்ல ஆரம்பிச்சு நடந்து உள்ள வந்து, சேதத்துக்கிட்ட போய் நின்னு, மெதுவா காட்டி, அலமாரி பலகைய விரலால தட்டுங்க, அந்த சத்தம் பதிவாகட்டும். போட்டோல வராத ஆதாரம் அது. வீடியோல நீங்க திட்டறது, அழறது, ஓனர பேசறது எதுவும் வேண்டாம், தேதியும் இடமும் மட்டும் சொல்லுங்க.

வெளிச்சம் ரொம்ப முக்கியம். ஃபிளாஷ் போட்டு நேரா எடுத்தா மண்ணு தடம் தட்டையாகி சுவத்தோட சுவரா போயிடும். ஃபிளாஷ ஆஃப் பண்ணிட்டு ஒருத்தர டார்ச்ச சுவத்த ஒட்டி சாய்வா பிடிக்கச் சொல்லி எடுங்க, தடத்தோட ஒரு பக்கம் நிழல் விழும், எவ்ளோ மேடுன்னு தெரியும். மரத்துல மேல்தோல் மட்டும் நிக்குது உள்ள காலின்னா, சாய்வு வெளிச்சத்துல அந்த பள்ளமும் சுருக்கமும் நல்லா தெரியும், நேர் வெளிச்சத்துல சுத்தமா தெரியாது.

மண்ணு முடியற நுனில பென்சிலால ஒரு கோடு போட்டு, பக்கத்துல மாஸ்கிங் டேப் ஒட்டி தேதி எழுதிடுங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு அதே இடத்துல நின்னு, அதே உயரத்துல, ஸ்கேலோட திரும்ப எடுங்க. கோட்ட தாண்டி மண்ணு ஏறியிருந்தா அதுக்கு மேல விளக்கம் தேவையே இல்ல.

தேதி, லொகேஷன் எல்லாம் போட்டோ மேலயே அடிக்கற ஆப் இருக்கே, அது போதுமா?

வச்சுக்கலாம், பாக்கறவங்களுக்கு வசதி. ஆனா அது மட்டும் போதாது. அந்த மாதிரி ஆப் பெரும்பாலும் போன்ல என்ன தேதி இருக்கோ அதத்தான் எழுதுது, போன் தேதிய மாத்திட்டு எடுத்தா மாத்தின தேதிதான் விழும்னு எதிர்கட்சிக்கும் தெரியும். சாதா கேமராவுல எடுத்த படத்துக்குள்ள மறைவா பதிவாகற தேதியும் அப்படித்தான், அதையும் மாத்தலாம். அதனால உங்க கைல இல்லாத ஒன்னு, வெளில இருக்கற ஒன்னு, தேதிக்கு சாட்சி சொல்லணும்.

அன்னிக்கு பேப்பர முதல் பக்கம் தெரியற மாதிரி வச்சு எடுக்கறது பழைய வழக்கம், நல்ல வழக்கம்தான். ஆனா அது ஒரு பக்கத்தத்தான் நிரூபிக்கும்: இந்தப் படம் அந்த தேதிக்கு முன்னாடி எடுத்ததில்ல. பழைய பேப்பர எடுத்து வச்சு இன்னிக்கு போட்டோ எடுக்கலாமே, அதனால "அந்த தேதிலயே எடுத்தது"ன்னு அது நிரூபிக்காது. அதுக்கு எதிர்ப்பக்கம் அன்னிக்கே மெயில் பண்றது. மெயில் போன நேரத்த உங்க போன் மட்டும் இல்ல, நடுவுல இருக்கற சர்வரும் எழுதி வைக்கும், அதனால அந்த நேரத்துக்கு பின்னாடி எடுத்த படம் இது இல்லன்னு அது நிரூபிக்கும். பேப்பரும் மெயிலும் சேர்ந்தா படம் ஒரே நாளுக்குள்ள மாட்டிக்கும். கும்பகோணத்துக்காரங்க நவம்பர் 9 காலைல எடுத்ததும் கம்பெனி மெயிலுக்கும் ஓனர் மெயிலுக்கும் ஒரே மெயிலா அனுப்பினாங்க, அதுல ரெண்டு வரிதான், "இன்று காலை வாசக்காலில் கரையான் மண் பார்த்தோம், படங்கள் இணைப்பில், வந்து பார்க்கவும்." அது ஆதாரமும் ஆச்சு, முதல் புகாரும் ஆச்சு.

வாட்ஸப்ல அனுப்பினா ஆதாரமா எடுத்துக்க மாட்டாங்களா?

அந்த உரையாடல் ஆதாரம்தான், ஓனர் ப்ளூ டிக் விழுந்து "பாக்கறேன் தம்பி"ன்னு பதில் போட்டிருந்தா அவருக்கு அன்னிக்கே தெரியும்னு ஆயிடுச்சு. படத்தோட கதை வேற. வாட்ஸப்ல போட்டோவா அனுப்பினா அது படத்த சுருக்கிடும், உள்ள இருந்த தேதி விவரத்தையும் எடுத்துடும், வாங்கினவங்க போன்ல `IMG-20241109-WA0007.jpg` மாதிரி ஒரு பேரு விழும், அதுல இருக்கற தேதி வாட்ஸப்ல போன நாளே தவிர எடுத்த நாள் இல்ல. கொலு போட்டோவ சித்தி நவம்பர்ல அனுப்பினா நவம்பர் தேதிதான் காட்டும், மொத்த ஆதாரமும் கெட்டுது.

அதனால டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க, அப்ப ஃபைல் மாறாம வரும், இல்லன்னா மெயில்ல. ஒரிஜினல் எந்த போன்ல இருக்கோ அந்த போன்ல இருந்து அழிக்காதீங்க, போன் மாத்தினாலும் பழைய போன பழைய இரும்புக்கு போட்டுடாதீங்க. கிராப், பில்டர், வெளிச்சம் ஏத்தறது, சிவப்பு வட்டம் போடறது எதுவும் ஒரிஜினல்ல வேண்டாம், வட்டம் போடணும்னா காப்பி எடுத்து அதுல போடுங்க.

இது உயிரோட இருக்கற கரையானா, விட்டுப்போன பழைய தடமான்னு எப்படி காட்டறது?

மண்ணு தடத்த நடுவுல ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் ஸ்குரூடிரைவரால உடைங்க, மேலயும் கீழயும் அப்படியே விட்டுடுங்க. உடைக்கறதுக்கு முன்னாடி ஒரு படம், உடைச்ச உடனே ஒரு படம், உள்ள வெள்ளையா பூச்சி ஓடினா வீடியோ. அப்பறம் தொடாதீங்க, மருந்து, மண்ணெண்ணெய் எதுவும் ஊத்தாதீங்க. ஒன்னுலேந்து மூணு நாளுக்குள்ள போய் பாருங்க. உயிர் இருந்தா பெரும்பாலும் அந்த இடைவெளிய புது மண்ண வச்சு அடைச்சிருக்கும், புது மண்ணு ஈரமா கருப்பா இருக்கும், சுத்தி இருக்கற பழசு வெளுத்து காய்ஞ்சு இருக்கும். அந்த நிற வித்தியாசத்தோட ஸ்கேல் வச்சு எடுத்த படம் கம்பெனி ஆளு எவ்ளோ பேசினாலும் வாய அடைச்சிடும். கும்பகோணம் வீட்ல நவம்பர் 9 உடைச்சாங்க, 11ஆம் தேதி காலைல முழுசா அடைஞ்சிருந்துது.

இதுக்கு ஒரு எல்லை இருக்கு, அத மறக்காதீங்க. அடைச்சிருந்தா உயிர் இருக்குங்கறது உறுதி, அடைக்கலன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. கரையான் அந்த வழிய விட்டுட்டு சுவத்துக்குள்ளயே வேற வழியா போயிடும். அதனால அடைக்கலன்னா ரெண்டு மூணு இடத்துல உடைச்சுப் பாருங்க, வாசக்காலுக்கு பின்னாடி, அலமாரி அடில, ஈரச்சுவர் ஓரத்துல.

மழை ஆரம்பிச்ச நேரத்துல ஈசல் பறந்து ஜன்னல் ஓரத்துல இறக்கை உதிர்ந்து கிடந்தா அதையும் எடுக்கலாம், ஆனா தெருவிளக்க பாத்து வெளில இருந்தும் ஈசல் வரும்ங்கறதால அத தனியா பெரிய ஆதாரமா தூக்கிப் பிடிக்காதீங்க. வாசக்கால் வெடிப்புல இருந்தே ஈசல் வெளிய வர்றது வீடியோல பதிஞ்சிருந்தா மட்டும்தான் கனம்.

கம்பெனி இது கரையான் இல்ல உளுன்னு சொல்றாங்க, உளுவுக்கு வாரண்டி இல்லையாம். உண்மையா?

வாரண்டி கார்டுல பாருங்க, நிறைய கார்டுல மண்ணுல இருந்து வர்ற கரையானுக்கு மட்டும்னுதான் போட்டிருக்கும், உளு வேற வேலை, வேற மருந்து. அதனால அவங்க கேக்கறது நியாயமான கேள்விதான், பதில மரமே சொல்லும், நீங்க படம் எடுக்கணும் அவ்ளோதான்.

உளு வண்டு அரிச்சா வெளில ஒன்னு ரெண்டு மில்லிமீட்டருக்கு வட்டமான சின்ன ஓட்டை, அடில நைசா மாவு கொட்டும். மண்ணுக் கரையான் அரிச்சா மாவு கொட்டாது, வெளில ஓட்டையும் இருக்காது, மேல்தோல உடைச்சா உள்ள மரம் ஏடு ஏடா இருக்கும், ஏட்டுக்கு நடுவுல மண்ணு அப்பியிருக்கும். அந்த மண்ணுதான் முடிவு சொல்றது. காய்ஞ்ச மரத்துக்குள்ளயே வாழற இன்னொரு கரையான் இருக்கு, அது மண்ணு கொண்டு வராது, கசகசா அளவுக்கு உருண்டை உருண்டையா எச்சம் தள்ளும், லென்ஸ் வச்சு பாத்தா ஆறு பட்டை தெரியும், இதையும் சில கார்டு ஒத்துக்காது.

தேக்குன்னா இன்னொன்னும் பாருங்க, வைரம் பாஞ்ச நடு மரத்த பெரும்பாலும் தொடாது, வெள்ளைப் பகுதியத்தான் அரிக்கும், அதனால வாசக்கால் ஒரு ஓரம் மட்டும் போயிருந்தா ஆச்சரியம் இல்ல. அலமாரி பலகைல ஒரு துண்ட தச்சர வச்சு உடைச்சு, உள்பக்கம் மண்ணு தெரியற மாதிரி ஸ்கேலோட எடுங்க, அந்த துண்ட கவர்ல போட்டு தேதி, இடம், யார் முன்னாடி எடுத்ததுன்னு எழுதி வைங்க. பூச்சி கிடைச்சா சின்ன பாட்டில்ல ஸ்பிரிட்ல போடுங்க, தலை பெருசா தாடை நீட்டிக்கிட்டு இருக்கற காவக்காரப் பூச்சி குறைஞ்சது ரெண்டு இருக்கணும், வகைய சொல்றதுக்கு அதுதான் வேணும். நீடாமங்கலத்துலயும் சிக்கல்லயும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, பூச்சிய கொண்டு போய் காட்டி கேட்டுப் பாருங்க, எழுத்துல ஒரு வரி கிடைச்சா ரொம்ப நல்லது.

அந்த வீட்ல ரெண்டும் இருந்துது. அலமாரி கதவுல நாலஞ்சு பழைய உளு ஓட்டை, பின்பலகைல மண்ணோட கரையான். கதவ புகார்ல சேர்க்காதீங்கன்னு சொன்னோம். சேர்த்திருந்தா கம்பெனி அந்த கதவ மட்டும் காட்டியே மொத்தத்தையும் உளுன்னு பேசியிருக்கும்.

ஓனர் "நீ வந்தப்பறம்தான் வந்துச்சு"ங்கறார். மரம் அரிச்சது எத்தனை வருஷம்னு போட்டோல சொல்ல முடியுமா?

உள்ள எவ்ளோ அரிச்சிருக்குங்கறத வச்சு வருஷம் சொல்ல முடியாது, யாராவது "இது மூணு வருஷ சேதம்"னு அடிச்சு சொன்னா நம்பாதீங்க. ஆனா பெயிண்ட் சொல்லும். மரத்துல பள்ளமோ ஓட்டையோ இருக்கற இடத்துல கிட்டத்துல பாருங்க, பெயிண்ட் அந்த பள்ளத்துக்குள்ள வழிஞ்சு இறங்கியிருந்தா, இல்ல மண்ணு தடத்து மேலயே பெயிண்ட் ஏறியிருந்தா, சேதம் பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே இருந்தது. பெயிண்ட்ட கிழிச்சுக்கிட்டு விளிம்பு கூர்மையா இருந்தா பெயிண்ட்டுக்கு பின்னாடி. வீடு கொடுக்கறதுக்கு முன்னாடி ஓனர்தான் பெயிண்ட் அடிச்சிருப்பார், அந்த தேதி பெயிண்டர் கிட்டயோ ஓனர் அனுப்பின பழைய மெசேஜ்லயோ கிடைக்கும். வாசக்கால் பின்பக்கம், கீல் இருக்கற இடம், தரைய ஒட்டின ஒரு சாண், இங்கதான் இந்த மாதிரி தடம் கிடைக்கும்.

தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரில இருந்து நடைமுறைல இருக்கற வாடகைச் சட்டத்துல, கட்டட அமைப்பு சம்பந்தப்பட்ட ரிப்பேர் ஓனர் பொறுப்பு, குடியிருக்கறவர் பண்ணின சேதம்னா மட்டும் விதிவிலக்கு. கட்டிலால பரவுச்சுன்னு ஓனர் ஏன் சொல்றார்னு இப்ப புரியுதா? அந்த விதிவிலக்குக்குள்ள உங்கள தள்றதுக்குத்தான். அதுக்கு பதில், மண்ணு எங்க இருந்து வருதுன்னு காட்டறது. தரை வெடிப்புல இருந்து, சுவத்தடி மண்ணுல இருந்து தடம் மேல ஏறறத தொடர்ச்சியா படம் எடுங்க, கட்டில் கால் நாலையும் சுத்தமா இருக்கறத தனியா எடுங்க. வெறும் தரை மேல நிக்கற கட்டில்ல இருந்து மண்ணுக் கரையான் கிளம்பி வராது, அது வாழறது மண்ணுக்குள்ள.

வீட்டு இன்சூரன்ஸ்ல கிடைக்குமா?

கரையானுக்கு பெரும்பாலும் கிடைக்காது, முன்னாடியே சொல்லிடறேன். பாரத் கிரஹ ரக்ஷா மாதிரி வீட்டு பாலிசில தீ, புயல், வெள்ளம் இந்த மாதிரி பட்டியல்ல இருக்கற ஆபத்துக்குத்தான் பணம், மெதுவா அரிச்சுப் போறது அதுல வராது. நம்ம பக்கம் பிரச்சனை வர்றது வேற இடத்துல: கஜா மாதிரி புயல் வந்து, வாய்க்கால் உடைஞ்சு வீட்டுக்குள்ள தண்ணி வந்து மரம் ஊறிப்போச்சுன்னா அது வெள்ள சேதம், ஆனா நீங்க மெதுவா புகார் கொடுத்து சர்வேயர் வர்றதுக்குள்ள அதே மரத்துல கரையான் ஏறியிருந்தா மொத்தத்தையும் கரையான் கணக்குல தள்ளிடுவாங்க. அதனால தண்ணி வடிஞ்ச அன்னிக்கே, கழுவறதுக்கு முன்னாடி, சுவத்துல தண்ணி நின்ன கோடு, அந்த கோட்டுக்கு கீழ ஊறின பலகை, ரெண்டும் ஒரே படத்துல ஸ்கேலோட வேணும். பாலிசி கம்பெனிக்கு அன்னிக்கே தகவல். மறுத்து எழுத்துல கொடுத்தா ஒரு வருஷத்துக்குள்ள சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் கிட்ட போகலாம்.

கடைசியா எங்க கொடுக்கறது, படத்த எப்படி அடுக்கறது?

ஆள பொறுத்து இடம் மாறும். மருந்து அடிச்ச கம்பெனி காசு வாங்கிட்டு சேவை பண்ணினது, அதனால மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், கும்பகோணம்னா தஞ்சாவூர். கம்பெனி சென்னைல இருந்தாலும் நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், அது 2019 சட்டத்துல வந்த வசதி. கொடுத்த காசு அஞ்சு லட்சம் வரைக்கும்னா கட்டணம் இல்ல. பிரச்சனை கிளம்பின நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அந்த நவம்பர் 9 மெயில் மாதிரி ஒன்னு இங்கயும் உதவும். ஓனர் மேல உள்ள வாடகைத் தகராறு அங்க வேண்டாம், அது வாடகை அதிகாரி கிட்ட. ரெண்டையும் ஒரே மனுவுல கலந்தா இழுத்தடிக்கத்தான் வழி.

இருநூறு படம் கொடுத்தா யாரும் பாக்க மாட்டாங்க. பத்து பன்னெண்டு போதும், ஒவ்வொன்னுக்கும் நம்பர், எடுத்த தேதி, எந்த இடம், என்ன தெரியுதுன்னு ஒரு வரி, தேதி வரிசைல. அந்த குடும்பம் முதல் பக்கத்துலயே இப்படி எழுதினாங்க: ஆகஸ்ட்ல மருந்து அடிச்ச பில், அக்டோபர்ல கொலு படம், சுத்தம்; நவம்பர் 9 மண்ணு, மெயில்; நவம்பர் 11 அடைஞ்ச மண்ணு; பின்பலகை துண்டு, உள்ள மண்ணு; நோட்டீஸ் ஸ்பீடு போஸ்ட்ல போன ரசீது. முதல் பக்கத்த மட்டும் படிச்சாலே விஷயம் புரிஞ்சிடும்.

ஆணையம் சாட்சியச் சட்டத்த எழுத்துக்கு எழுத்து பிடிச்சு நடக்கறது இல்லன்னாலும், எதிர்கட்சி படத்த மறுத்தா உதவற மாதிரி எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கான சான்றிதழையும் சேர்த்துடுங்க. 2024 ஜூலை 1ல இருந்து அது பாரதிய சாட்சிய அதிநியம் 63வது பிரிவு, பழைய 65பி இல்ல, பழைய நகல இன்னும் டைப் அடிச்சு கொடுக்கறவங்க இருக்காங்க, பாத்துக்கோங்க. புது படிவத்துல ஒவ்வொரு ஃபைலுக்கும் ஹாஷ் மதிப்பு கேக்கும், ஃபைல்ல ஒரு புள்ளி மாறினாலும் மாறிப்போற நம்பர் அது. போன்ல இருந்து கேபிள் வழியா கம்ப்யூட்டர்ல போட்டு, விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட்ல இப்படி அடிச்சா வரும்:

```
certutil -hashfile IMG_20241109_071204.jpg SHA256
```

அந்த நம்பர படம் எடுத்த மாசமே எடுத்து மெயில்ல போட்டு வச்சுட்டீங்கன்னா இன்னும் நல்லது. படிவத்துல ரெண்டு பாகம், ஒன்னு நீங்க கையெழுத்து போடறது, இன்னொன்னு நிபுணர் போடறது, வக்கீல் கிட்ட கேட்டு செய்ங்க.

வாசக்கால் விழுந்துடும் போல இருக்கு, கேஸ் முடியற வரைக்கும் ரிப்பேர் பண்ணாம இருக்கணுமா?

வேண்டாம், ஆபத்துன்னா மாத்திடுங்க, ஆனா மாத்தறதுக்கு முன்னாடி எதிர்தரப்புக்கு எழுத்துல ஒரு நாள் குறிச்சு கொடுங்க, "இந்த தேதி இந்த நேரத்துல கழட்டப் போறோம், வந்து பாத்துக்கோங்க"ன்னு. வரலன்னா அதுவும் உங்களுக்கு நல்லதுதான். கேஸ் ஏற்கனவே போட்டாச்சுன்னா, வந்து பாத்து அறிக்கை கொடுக்க அட்வகேட் கமிஷனர் போடச் சொல்லி மனு கொடுங்க, அவர் வந்து போற வரைக்கும் கை வைக்காதீங்க. தச்சர் கழட்டறத முழுசா வீடியோ எடுங்க, சுவத்துக்குள்ள இருந்த பக்கத்துலதான் தடம் தரைல இருந்து வந்தது நல்லா தெரியும், அது இத்தனை நாளா யாருக்கும் தெரியாத பக்கம். தச்சர் கிட்ட எவ்ளோ அடி மரம், என்ன மரம், கூலி எவ்ளோன்னு தனித்தனியா பில் வாங்குங்க, மொத்தமா "வேலை"ன்னு ஒரு தொகை எழுதின சீட்டுக்கு மதிப்பு கம்மி. கழட்டின மரத்த அடுப்புக்கு கொடுத்துடாதீங்க, ரெண்டு மூணு நாள் நல்ல வெயில்ல போட்டு பூச்சி போனப்பறம், அதிகமா அரிச்ச துண்டு ரெண்ட மட்டும் சாக்குல கட்டி, தேதி எழுதின அட்டைய உள்ளயும் வெளிலயும் போட்டு, தரைல படாம மேல எடுத்து வச்சுடுங்க.